அறியாமற்பட்ட ஊடுகதிர்: கருவைச் சென்றடையும் அளவு எவ்வளவு?

ஒரு பெண் கருவுற்ற முதல் இரண்டு வாரங்களில் அதனை அவரே அறிந்துகொள்ள வழியில்லை. கரு கருப்பையின் சுவரில் பதிவதற்கே ஆறு முதல் பத்து நாள்கள் வரை ஆகின்றன. சிறுநீர்ச் சோதனை உறுதியாக விடை கூறுவது மாதவிலக்கு தள்ளிப்போன பின்னரே. கரு பதியும் வேளையில் சிலருக்குச் சிறிதளவு உதிரம் கசிவதுண்டு; அதனை மாதவிலக்கென்றே எண்ணி அமைதியடைந்துவிடுவோரும் உளர். மாதவிலக்கு ஒழுங்காக வாராத பெண்கள் இரண்டாம் மாதம் முடியும்வரையிற்கூட ஐயுறாதிருப்பர். இந்த இடைவெளியில்தான் மாடிப்படியில் வழுக்கி விழுவதும், நாள்பட்ட இருமலுக்கு மருத்துவரை நாடுவதும், பல்வலி வருவதும் நிகழ்கின்றன. எக்ஸ்ரே எடுக்கப்படுகிறது. எடுக்கும் அறையின் வாயிலில் ‘கருவுற்றிருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கவும்’ என்னும் அறிவிப்பு தொங்குகிறது. ஆயினும் தாம் அறியாத ஒன்றை அவர் எங்ஙனம் தெரிவிப்பார்?

பத்து நாள் கழித்து உண்மை தெரியவரும்போது, மகிழ்ச்சிக்கு முன்னால் அச்சம் வந்து நின்றுகொள்கிறது. குழந்தை ஊனமாய்ப் பிறக்குமோ என்று தாய் கலங்குகிறார். உறவினருள் ஒருவர், சிற்சில வேளைகளில் இத்துறையில் பழக்கமில்லாத மருத்துவர் ஒருவரே, ‘எதற்கு வம்பு, கலைத்துவிடுவது நல்லது’ என்று கூறிவிடுகிறார். அந்த ஒரு சொல்லால் முடிவு தீர்மானிக்கப்பட்டுவிடுவதும் உண்டு. ஆனால் இங்கே கேட்கப்பட வேண்டிய முதல் வினா ஒன்றே: கருவைச் சென்றடைந்த கதிரின் அளவு எவ்வளவு? அது கணக்கிட்டுக் காணக்கூடிய அளவு.

கணக்கிடாமல் அஞ்சினால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றில் ஒரு துயரச் சான்று உண்டு. 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது. அங்கிருந்து வெகுதொலைவிலுள்ள கிரேக்க நாட்டில் மக்கள் பெற்ற கதிர்வீச்சு மிகச் சிறிது. இயற்கையாகவே ஓராண்டில் நாமனைவரும் பெறும் அளவினும் குறைவு. எனினும் அச்சமும் முரண்பட்ட செய்திகளும் பரவின. 1987 சனவரியில் அந்நாட்டில் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை, எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 23 விழுக்காடு குறைந்தது. பெற்றுக்கொள்ள விரும்பிய கருக்களே அச்சத்தால் கலைக்கப்பட்டன என்று கிரேக்க ஆய்வாளர்கள் அவ்வாண்டே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர்.

ஒரு சொல்லால் வரும் குழப்பம்

தமிழ்த்துறையைச் சார்ந்த நாம் இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூறாமல் அப்பால் செல்ல இயலாது. எக்ஸ்ரே பற்றிப் பேசும்போது ‘கதிரியக்கம்’ என்னும் சொல் தாராளமாகப் புழங்குகிறது. கதிரியக்கம் என்பது யுரேனியம் போன்ற சில பொருள்கள் தாமாகவே சிதைந்து கதிர்களை வெளியிடும் பண்பு. எக்ஸ்ரே குழாயில் அத்தகைய பொருள் எதுவும் இல்லை. மின்சாரத்தால் விரைவுபடுத்தப்பட்ட மின்னணுக்கள் ஓர் உலோகத் தகட்டில் மோதும்போது ஊடுகதிர் பிறக்கிறது. பொத்தானிலிருந்து விரலை எடுத்ததும் கதிரும் நின்றுவிடுகிறது. இதற்குரிய சொல் கதிர்வீச்சு என்பதே. ‘உடம்பிலே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையை அரிக்குமோ’ என்று கேட்கும் தாய்க்கு இவ்வேறுபாடே பாதி விடையாகும். விளக்கை அணைத்தபின் அறையில் வெளிச்சம் தங்குவதில்லை, அதுபோன்றே இதுவும். கதிர் பாய்ந்த அந்த நொடிப்பொழுதில் உடலின் திசு எவ்வளவு ஆற்றலை ஏற்றுக்கொண்டது என்பது மட்டுமே கணக்கு.

அந்த ஆற்றலை அளக்கும் அலகு, ஆங்கிலேய இயற்பியலறிஞர் லூயிஸ் ஹெரால்டு கிரே என்பாரின் பெயரால் ‘கிரே’ எனப்படுகிறது. ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றால் அஃது ஒரு கிரே. எக்ஸ்ரே படங்களுக்கு இது மிகப் பெரிய அலகாதலின் அதன் ஆயிரத்தில் ஒரு பங்காகிய மில்லிகிரேயைப் பயன்படுத்துகின்றனர். வயிற்றிலிருக்கும் குழந்தை ஒன்பது மாதங்களில் மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் தாயின் உடலிலிருந்தும் இயற்கையாகவே பெறும் அளவு, ஏறத்தாழ அரை முதல் ஒரு மில்லிகிரே வரை. இந்த அளவுகோலை மனத்தில் வைத்துக்கொண்டால் இனி வரும் எண்கள் பொருள்படும்.

கதிர் பாய்ந்த இடம்

கணக்குப் போடுவதற்கு முன் கேட்க வேண்டியது, படம் எடுத்தது உடலின் எந்தப் பகுதியை என்பது. குழாயிலிருந்து வரும் கதிர், ஈயத் தகடுகளால் ஒரு செவ்வகமாக வரையறுக்கப்பட்டே உடலின்மீது விழுகிறது. கருவுற்ற தொடக்கத்தில் கருப்பை இடுப்பெலும்புக் கூட்டின் உள்ளே, சிறுநீர்ப்பைக்குப் பின்னால், ஆழத்தில் அடங்கியிருக்கிறது. பல், தலை, கழுத்து, கை, முழங்கால், மார்பு ஆகியவற்றைப் படம் எடுக்கும்போது அந்தச் செவ்வகத்துக்குள் கருப்பை வருவதேயில்லை. உடலுக்குள் சிதறி, திசுக்களைக் கடந்து, கீழே இறங்கிவரும் சிறு பகுதி மட்டுமே கருவை அடையும். வழியில் உள்ள தசை, ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டருக்கு ஒருமுறை கதிரைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. ஆதலின் மார்புப் படத்தால் கருவுக்குக் கிடைப்பது ஒரு மில்லிகிரேயில் நூறில் ஒரு பங்கினும் குறைவு. இயற்கை இரண்டு மூன்று நாள்களில் தருவதை இது மிஞ்சாது. பல், கை, கால் படங்களில் அளவு இதனினும் குறைவு.

வயிற்றின்மேல் ஈயப் போர்வை போர்த்தவில்லையே என்று வருந்துவோர் பலர். மார்புப் படத்தில் கருவை அடையும் சிறிதளவு கதிர் உடலின் உள்ளேயே சிதறி வருவது. மேலே போர்த்திய போர்வையால் அதனைத் தடுக்க இயலாது. இதனாலேயே அமெரிக்க மருத்துவ இயற்பியலர் சங்கம் 2019-ஆம் ஆண்டில், நோயாளிக்கு இத்தகைய போர்வை போர்த்தும் வழக்கத்தையே கைவிடலாம் என அறிவித்தது.

எனவே கணக்கு தேவைப்படுவது, கதிர்ச் செவ்வகத்துக்குள் கருப்பையே அகப்படும் படங்களுக்குத்தான்: வயிறு, இடுப்பு, முதுகின் கீழ்ப்பகுதி. அவற்றுள் ஒன்றை எடுத்து முழுமையாகக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு கணக்கு

விளக்கத்திற்காக ஒரு பெண்மணியைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்குக் கடைசி மாதவிலக்கு தொடங்கியது மார்ச் 1. படியில் விழுந்து முதுகில் அடிபட்டதால் ஏப்ரல் 3 அன்று கீழ்முதுகெலும்பை இரண்டு படங்கள் எடுத்தனர். ஒன்று மல்லாந்து படுக்கவைத்து முன்புறமிருந்து, மற்றொன்று ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கவாட்டில். ஏப்ரல் 14 அன்று அவர் கருவுற்றிருப்பது தெரியவந்தது.

முதலில் கருவின் வயது. மருத்துவர்கள் மாதவிலக்குத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவர். அதன்படி படம் எடுத்த அன்று 33 நாள்கள். ஆனால் கருத்தரித்தது அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்தே. ஆகவே கருவின் உண்மையான வயது 19 நாள்கள். இந்த இரண்டு வார வேறுபாட்டை மறப்பவர்கள், ஆபத்துக் காலத்தைக் கூறும் அட்டவணையில் தவறான வரியைப் படித்துவிடுவர்.

அடுத்து, எக்ஸ்ரே அறையிலிருந்து பெறவேண்டிய செய்திகள். குழாயின் மின்னழுத்தம், மின்னோட்டத்தையும் நேரத்தையும் பெருக்கிய மில்லி ஆம்பியர்-வினாடி எண், குழாய்க்கும் படத்துக்கும் இடையிலான தூரம், எத்தனை படங்கள் என்பன அவை. முன்புறப் படத்துக்கு 75 கிலோவோல்ட், 40 மில்லி ஆம்பியர்-வினாடி, தூரம் 100 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒவ்வொரு குழாய்க்கும் ‘ஒரு மீட்டர் தூரத்தில், ஒரு மில்லி ஆம்பியர்-வினாடிக்கு எவ்வளவு’ என்னும் வெளியீட்டு எண் ஒன்று உண்டு. தரப் பரிசோதனையின்போது அதனை அளந்து எழுதிவைப்பர். அது 0.06 மில்லிகிரே எனில், 40 உடன் பெருக்க ஒரு மீட்டரில் 2.4 மில்லிகிரே கிடைக்கும்.

நோயாளியின் தோல் ஒரு மீட்டரில் இல்லை. குழாய்க்கு இன்னும் அருகில் இருக்கிறது. உடலின் தடிமன் 20 சென்டிமீட்டர், மேசைக்கும் படத்துக்கும் இடைவெளி 5 எனக் கழித்தால், தோல் 75 சென்டிமீட்டரில் உள்ளது. தூரம் குறையக் குறையக் கதிரின் செறிவு இருமடிமுறையில் மிகும். 100-ஐ 75-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால் 1.78. ஆகவே தோலின் மேல் விழுவது 2.4-ஐ 1.78-ஆல் பெருக்கியது, அதாவது 4.3 மில்லிகிரே.

பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். தோலில் விழுந்ததையே கருவில் விழுந்ததாகக் கொண்டுவிடுகின்றனர். தோலுக்கும் கருப்பைக்கும் இடையே கொழுப்பும் தசையும் குடலும் சிறுநீர்ப்பையும் உள்ளன. அவற்றைக் கடந்து எவ்வளவு செல்லும் என்பதை, கணிப்பொறிக்குள் ஒரு பெண்ணுடலின் மாதிரியை அமைத்து, கோடிக்கணக்கான கதிர்த்துகள்கள் எங்கெங்கு சென்று நிற்கின்றன என்று பின்தொடர்ந்து கண்டறிந்து, அட்டவணைகளாக வெளியிட்டுள்ளனர். தொடக்க நாள்களில் கரு மிகச் சிறியதாதலின், கருப்பை பெறும் அளவையே கரு பெறும் அளவாகக் கொள்வது மரபு. முன்புறத்திலிருந்து பாயும் இத்தகைய கதிருக்கு அந்தப் பங்கு ஏறத்தாழ 0.32, அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. 4.3-ஐ 0.32-ஆல் பெருக்க 1.4 மில்லிகிரே.

பக்கவாட்டுப் படம் வியப்புக்குரியது. ஒருக்களித்த உடல் தடித்திருப்பதால் கதிரை மிகுதியாகச் செலுத்த வேண்டும்: 85 கிலோவோல்ட், 80 மில்லி ஆம்பியர்-வினாடி. வெளியீட்டு எண் 0.075 எனில் ஒரு மீட்டரில் 6 மில்லிகிரே. உடலின் அகலம் 30 சென்டிமீட்டர் என்றால் தோல் 65 சென்டிமீட்டரில் அமையும். தோலின்மேல் விழுவது 14 மில்லிகிரேக்கும் சற்று மேல். முன்புறப் படத்தைப்போல் மூன்று மடங்கு! ஆனால் இடுப்பின் பக்கத்திலிருந்து நடுவிலுள்ள கருப்பைக்குச் செல்லும் வழி நீண்டது, எலும்பும் குறுக்கிடுகிறது. ஆகவே இங்கே பங்கு 0.045 மட்டுமே. கருவை அடைவது 0.6 மில்லிகிரே. தோலில் மிகுந்த படம் கருவில் குறைந்துவிட்டது. தோலளவைக் கொண்டு அச்சுறுத்துவது எவ்வளவு பிழையானது என்பதை இவ்விரண்டு எண்களே காட்டும்.

இரண்டையும் கூட்ட 2 மில்லிகிரே. பெண்மணியின் பருமன், சிறுநீர்ப்பை நிறைந்திருந்ததா வெறுமையா, கருப்பை முன்சாய்ந்துள்ளதா பின்சாய்ந்துள்ளதா என்பவற்றால் இது இருமடங்காகவோ பாதியாகவோ மாறலாம். அவ்வளவே. இருமடங்கென்றே வைத்துக்கொண்டாலும் 4 மில்லிகிரே.

இன்றைய டிஜிட்டல் கருவிகள் பலவற்றில் வேறொரு வழியும் உண்டு. திரையில் DAP என்று ஓர் எண் தோன்றும். அது கதிரளவையும் அது விழுந்த பரப்பையும் பெருக்கிய தொகை. தோலின்மேல் விழுந்த செவ்வகத்தின் பரப்பால் அதனை வகுத்தால் தோலளவு கிடைத்துவிடும். நம் முன்புறப் படத்தில் செவ்வகம் 18-க்கு 25 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 450, திரையில் 1.92 Gy·cm² என்றிருந்தால் வகுத்து வருவது அதே 4.3 மில்லிகிரே. ஆனால் அலகைப் பார்த்துப் படிக்க வேண்டும். வேறொரு கருவி இதே அளவை 192 µGy·m² என்று காட்டும். எண்ணை மட்டும் பார்ப்பவர் நூறு மடங்கு ஏமாறுவார். பழைய நூல்களில் வரும் ‘ராட்’ என்னும் அலகும் இத்தகையதே; ஒரு ராட் என்பது பத்து மில்லிகிரே. கணக்கின் முடிவில், இரண்டு சாதாரணப் படங்களுக்குப் பத்து மில்லிகிரேக்கு மேல் வருமானால், முதலில் ஐயுற வேண்டியது நம் பெருக்கலையும் அலகையும்தான். மறுபுறம், சரியாக விழாததால் மீண்டும் எடுத்த படங்களை அறையில் சொல்லாமல் விட்டுவிடுவதும் உண்டு. அவற்றையும் கேட்டு எண்ண வேண்டும்.

இந்த 2 மில்லிகிரே என்ன செய்யும்?

கருத்தரித்த முதல் இரண்டு வாரங்களில் கதிர் மிக அதிகமாகப் பட்டால், கரு பதியாமலே அழிந்துவிடும். அழியாது பிழைத்தால் பழுதின்றி வளரும். அப்போதுள்ள உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று ஈடுசெய்யும் ஆற்றலுடையவை. மூன்றாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை உறுப்புகள் உருவாகும் காலம். நம் பெண்மணியின் கரு இதன் தொடக்கத்தில் இருந்தது. உறுப்புக் குறைபாடு தோன்றுவதற்குக் குறைந்தது 100 மில்லிகிரே அளவேனும் வேண்டும் என்பது அறிஞர் முடிபு. எட்டு முதல் பதினைந்து வாரம் வரை மூளைக்குரிய காலம். ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களில் 1945-இல் தாய்வயிற்றிலிருந்த குழந்தைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆய்ந்தபோது, கடுமையான அறிவுவளர்ச்சிக் குறைபாடு பெரும்பாலும் இவ்வாரங்களில் மிகுந்த கதிர்பட்டவர்களிடமே காணப்பட்டது. எட்டு வாரத்துக்கு முன் பட்டவர்களிடம் காணப்படவில்லை.

100-க்கு 2 என்பது ஐம்பதில் ஒரு பங்கு. பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட தன் 84-ஆம் வெளியீட்டில், கருவின் அளவு 100 மில்லிகிரேக்குக் குறைவாக இருக்கையில் கதிர்வீச்சைக் காரணங்காட்டிக் கருவைக் கலைப்பதற்கு நியாயமில்லை என்று தெளிவாகவே எழுதியுள்ளது.

புற்றுநோய் பற்றிய கணக்கு வேறு வகையானது. இங்கே இன்ன அளவுக்குக் கீழே ஒன்றுமில்லை என்னும் எல்லைக் கோட்டை எவரும் வரைவதில்லை. 1950-களில் இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்னும் மருத்துவ அம்மையார், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மாரைக் கண்டு வினவியபோது, கருவுற்ற காலத்தில் வயிற்றில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்கள் அவர்களிடையே மிகுதியாக இருந்ததைக் கண்டறிந்தார். முதலில் பலர் ஏற்கவில்லை, பின்னர் ஏற்றனர். இன்று மேற்சொன்ன ஆணையம் கூறும் மதிப்பீடு இது: 10 மில்லிகிரே பெற்ற 1700 குழந்தைகளில், இளமைப் புற்றுநோயால் இறப்பு ஒன்று கூடுதலாக நேரலாம். நம் கணக்கின் 2 மில்லிகிரேக்கு அதனை ஐந்தால் குறைத்தால், 8500 குழந்தைகளில் ஒன்று. இதனைப் பூச்சியம் என்று கூறுவது பொய். ஆனால் எக்ஸ்ரேயே எடுக்காத ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ மூவருக்கு இளமையில் புற்றுநோய் வருகிறது. நூறு குழந்தைகளில் ஏறத்தாழ மூன்று ஏதேனும் குறைபாட்டுடன் பிறக்கின்றன. அந்தக் கணக்கின் அருகில் வைத்தே இதனைப் பார்க்க வேண்டும். பின்னாளில் ஒரு குழந்தைக்கு ஏதேனும் குறை நேருமாயின், ‘அன்றெடுத்த எக்ஸ்ரேதான் காரணம்’ என்று தாயின்மேல் பழி சுமத்தும் உறவினர்கள் இந்த எண்களை அறிந்திருத்தல் நலம்.

இவ்வளவும் சாதாரணப் படங்களுக்கு. சி.டி. ஸ்கேனில் குழாய் உடலைச் சுற்றிச் சுழன்று எல்லாப் பக்கமிருந்தும் கதிரைச் செலுத்துகிறது. முன்பக்கம், பின்பக்கம் என்ற பாதுகாப்பு அங்கே இல்லை. தலைக்கும் மார்புக்கும் எடுத்தால் கருவுக்குச் சேர்வது அங்கும் மிகச் சிறிதே. வயிறும் இடுப்பும் ஸ்கேன் செய்யப்பட்டால் 10 முதல் 50 மில்லிகிரே வரை செல்லலாம். ஒருமுறை எடுத்தது 100-ஐ எட்டுவது அரிது. மருந்தேற்றுமுன் ஒருமுறை, ஏற்றியபின் இருமுறை என்று அடுத்தடுத்து எடுத்திருந்தால் ஒவ்வொன்றையும் கூட்ட வேண்டும். இதற்குத் திரையில் தோன்றும் CTDIvol என்னும் எண்ணையும் பெண்ணின் உடற்பருமனையும் கொண்டு கணக்கிடுவர். இரத்தக்குழாய்ச் சிகிச்சைக்காக இடுப்பின்மேல் நெடுநேரம் கதிரைச் செலுத்தி நேரடியாகப் பார்த்துக்கொண்டே செய்யும் முறைகளும் இத்தகையனவே. இவற்றுக்கு மேற்கண்டவாறு வீட்டில் அமர்ந்து கணக்கிடுதல் கூடாது. புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனை எதிலும் மருத்துவ இயற்பியலர் ஒருவர் பணியிலிருப்பார். எடுத்த நாள், எடுத்த பகுதி, படங்களின் எண்ணிக்கை, திரையில் கண்ட எண்கள், கடைசி மாதவிலக்குத் தொடங்கிய நாள் ஆகியவற்றை எழுதி எடுத்துச் சென்றால், அவர் கணக்கிட்டுத் தரும் தாளை வைத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் பேசலாம். டிஜிட்டல் கருவிகளில் படத்தோடு இந்த எண்களும் பதிவாகியிருக்கும். ஆனால் நினைவகம் நிறையும்போது பழைய பதிவுகள் அழிக்கப்படுவதுண்டு. ஆதலின் கருவுற்றது தெரிந்த கிழமையிலேயே எக்ஸ்ரே அறைக்குச் சென்று அவற்றைக் குறித்து வாங்கிக்கொள்ள வேண்டும்.